பத்து டோக்கன், ஒரு போர்டு, ஒரு யூனிஃபார்ம்

ஜூன் மாதத்தின் கடைசி வாரம். வடசென்னையில் ஒரு பஸ் டெப்போ. காலை எட்டு மணிக்குக் கவுன்டர் திறக்கும் என்று போட்டிருந்தார்கள். ஏழரைக்கே முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், இரண்டு போட்டோ. அந்த வரிசையில் என் அப்பாவும் நின்றார். வயது 67. நாற்பது வருடம் அச்சகத்தில் வேலை பார்த்தவர், பென்ஷன் கிடையாது.

அவர் முறை வந்தது. உள்ளே இருந்தவர் தாள்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "ஐயா, இது யாரோட ரேஷன் கார்டு?"

"என் பையனோடது. அவன் வீட்லதான் இருக்கேன்."

"இதுல உங்க பேரு இல்லையே?"

இல்லைதான். அப்பா, அம்மா பெயர்கள் விழுப்புரம் மாவட்டத்தில் பெரியண்ணன் வீட்டுக் கார்டிலேயே இருந்தன. நான்கு வருடமாகக் கொளத்தூரில் என்னோடு இருக்கிறார்கள். கார்டை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. டோக்கன் கிடைக்காமல் அப்பா திரும்பி வந்தார். அதே நேரத்தில் எங்கள் பஸ் ஸ்டாப்பில் அம்மா ஒரு பைசா கொடுக்காமல், ஒரு தாளும் காட்டாமல் வெள்ளை போர்டு பஸ்ஸில் ஏறிக் காய்கறிச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தார். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

ஒரே வீடு, ஒரே பஸ் ஸ்டாப், மூன்று பேர். மூவருக்குமே பஸ் இலவசம்தான். ஆனால், மூன்றும் மூன்று விதமான இலவசம். பெண்ணுக்கு இலவசமா இல்லையா என்பதை வருகிற பஸ் முடிவு செய்கிறது. மாணவருக்கு அவர் படிக்கும் நிறுவனம் முடிவு செய்கிறது. சென்னையில் இருக்கும் பெரியவருக்கு அவருடைய முகவரி முடிவு செய்கிறது. இந்த வித்தியாசம் புரியாததால்தான் வரிசைகளில் பாதிப் பேர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். பாதி கண்டக்டர்–பயணி சண்டைகள் நடக்கின்றன.

அம்மாவின் பஸ்: ஆளைப் பார்க்காதீர்கள், போர்டைப் பாருங்கள்

2021 மே 7 அன்று முதல்வராகப் பொறுப்பேற்ற மு.க.ஸ்டாலின் அன்றே கையெழுத்திட்ட ஆணைகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் போகலாம் என்பது. மறுநாளே நடைமுறைக்கு வந்தது. பிறகு திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுடன் வரும் ஓர் உதவியாளருக்கும் விரிந்தது. 'விடியல் பயணம்' என்ற பெயர் பின்னால் வந்தது.

இந்தத் திட்டத்தில் பெண்கள் வாங்க வேண்டிய பாஸ் எதுவும் இல்லை. விண்ணப்பம் இல்லை, ஆதார் இல்லை, வருமானச் சான்று இல்லை. எந்த ஊர்க்காரர் என்றும் கேட்பதில்லை. 'லேடீஸ் பாஸ் எடுத்துத் தர்றேன்' என்று யாராவது பணம் கேட்டால் அது ஏமாற்று.

நிபந்தனை எல்லாம் பஸ் மீதுதான். 'சாதாரணக் கட்டணம்', 'நகரப் பேருந்து' என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து பொருந்த வேண்டும். சென்னையில் ஒரே தடத்தில், ஒரே எண்ணில், சாதாரணம், விரைவு, சொகுசு என்று வெவ்வேறு கட்டணத்தில் பஸ்கள் ஓடும். எண்ணை மட்டும் பார்த்து ஏறினால் ஏமாந்துபோவோம். சாதாரண பஸ்ஸுக்கு வெள்ளை போர்டு என்பது சென்னைக்காரர்களுக்குப் பழக்கமான அடையாளம். போர்டு கண்ணில் படாதவர்களுக்காக 2022-ல் இந்த பஸ்களின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இளஞ்சிவப்புச் சாயம் பூசத் தொடங்கினார்கள். அதிலிருந்துதான் 'பிங்க் பஸ்' என்ற பெயர் வந்தது. ஆனால் சாயத்தை மட்டும் நம்ப வேண்டாம். சந்தேகம் வந்தால் ஏறும்போதே, "சாதாரண பஸ்ஸாண்ணே?" என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. பஸ் கிளம்பிய பிறகு கேட்டால், காசு கொடுத்து டிக்கெட் எடுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும்.

மாவட்டங்களில் குழப்பம் வேறு மாதிரி. அங்கே டவுன் பஸ், மப்சல் பஸ் என்று இரண்டு. ஊருக்குள்ளும் சுற்றுக் கிராமங்களுக்கும் ஓடுகிற டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதே கிராமத்து ஸ்டாப்பில் நின்றுபோகிற மப்சல் பஸ்ஸில் காசு உண்டு. தூரம் ஒன்று, சாலை ஒன்று, பஸ் மட்டும் வேறு. அரை மணி காத்திருந்தால் இலவசம், இப்போதே ஏறினால் காசு. கிராமத்துப் பெண்கள் இந்தக் கணக்கை மனதில் போட்டுக்கொண்டுதான் ஸ்டாப்பில் நிற்கிறார்கள்.

இன்னொன்று, இலவசம் என்றாலும் டிக்கெட் வாங்க வேண்டும். கட்டணம் பூஜ்ஜியம் என்று அச்சிட்ட சீட்டைக் கண்டக்டர் கொடுப்பார். பலர் அதை வாங்குவதே இல்லை, "சும்மாதானே போறோம், எதுக்குச் சீட்டு?" என்கிறார்கள். அந்தச் சீட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் கொடுக்காத காசைப் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு ஈடுகட்டுகிறது. எத்தனை பெண்கள் போனார்கள் என்பதற்குக் கணக்கு அந்தச் சீட்டுதான். திட்டம் தொடங்கியபோது ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கியது 3,600 கோடி. உங்கள் தடத்தில் சாதாரண பஸ் குறைகிறது என்று நாளை மனு எழுதும்போதும், இந்த பஸ்ஸில் இத்தனை பேர் போகிறோம் என்று காட்டுவது அந்தச் சீட்டுகளின் கணக்குதான்.

மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வில், இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று தெரியவந்தது. வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஒரு வீட்டுச் சம்பளத்தில் அது கணிசமான பங்கு.

எல்லை தாண்டினால் விதி மாறுகிறது. பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிற அம்மாக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கர்நாடகத்தில் 2023 ஜூன் 11-ல் தொடங்கிய 'சக்தி' திட்டத்தில் வெளியூர் போகும் சாதாரண பஸ்களிலும் பெண்களுக்கு இலவசம். அந்த வகையில் நம்மைவிட விரிந்தது. ஆனால், கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். தமிழ்நாட்டு ஆதாரை நீட்டினால் காசு கொடுத்துத்தான் டிக்கெட். நம்மூரில் எந்த பஸ் என்று மட்டும் பார்க்கிறார்கள். அங்கே ஆளின் முகவரியையும் பார்க்கிறார்கள்.

மகளின் பாஸ்: பள்ளிக்கூடம்தான் கவுன்டர்

மாணவர் பாஸுக்குப் பெற்றோர் டெப்போவுக்கு அலைய வேண்டியதில்லை. பிளஸ் டூ வரை படிக்கும் பள்ளி மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை பள்ளி வழியாகவே வருகிறது. புகைப்படம், வீட்டு முகவரி, ஏறும் ஸ்டாப், இறங்கும் ஸ்டாப் ஆகிய விவரங்களைப் பள்ளி சேகரித்துப் போக்குவரத்துக் கழகத்துக்கு அனுப்பும். அங்கிருந்து அட்டை தயாராகிப் பள்ளிக்கே வரும்.

தவறு நடக்கும் இடம் அந்த 'ஏறும் ஸ்டாப்'. பாஸ் என்பது வீட்டிலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து வீட்டுக்கும்தான். ஊர் முழுக்கச் சுற்றுவதற்கு இல்லை. வாடகை வீடு மாறியவர்கள் பழைய முகவரியையே எழுதிக் கொடுத்துவிட்டால், அட்டையில் ஒரு தடம், பிள்ளை போகிற தடம் வேறு. விவரம் கேட்கிற தாள் பிள்ளையின் பையில் வீட்டுக்கு வரும்போது, அதைப் பெற்றோரே உட்கார்ந்து நிரப்ப வேண்டும். எந்த ஸ்டாப்பில் ஏறுகிறாள் என்பதை அவளிடமே கேட்டு எழுத வேண்டும். ஸ்டாப் பெயர் கண்டக்டர் சொல்கிற பெயராக இருக்கட்டும். வீட்டுக்கு நாம் வைத்திருக்கும் அடையாளப் பெயராக வேண்டாம்.

பள்ளி திறந்த ஜூன் மாதத்தில் புது அட்டை கைக்கு வந்திருக்காது. அந்த இடைவெளியில் பழைய அட்டையைக் காட்டினாலோ, யூனிஃபார்மில் இருந்தாலோ மாணவர்களை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு கல்வியாண்டுத் தொடக்கத்திலும் கண்டக்டர்களுக்கு அறிவுறுத்துகிறார்கள். எனவே ஜூனில் யூனிஃபார்ம்தான் பாஸ். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்குக் கலர் டிரஸ்ஸில் போகிற பிள்ளையின் கையில் பழைய அட்டையோ பள்ளி அடையாள அட்டையோ இருக்கட்டும்.

கல்லூரிக்குப் போனால் கேள்வி மாறுகிறது. அரசுக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், அரசு ஐடிஐ மாணவர்களுக்கு இலவசம். தனியார் கல்லூரி என்றால் சலுகைக் கட்டணம். இரண்டிலும் கல்லூரியின் சான்றுதான் ஆதாரம். 'பஸ் ஆபீஸில் கேட்டேன், காலேஜில் கேள் என்றார்கள்' என்று புலம்புகிற மாணவர்களைப் பார்க்கிறேன். பஸ் ஆபீஸில் சொன்னது சரிதான்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயம். சாதாரண டவுன் பஸ்ஸில் பாஸ் இல்லாமலே இலவசம் என்பதால், பாஸ் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். பள்ளி நேரத்தில் வருகிற ஒரே பஸ் டவுன் பஸ்ஸாக இல்லாமல் போனால் அந்த அட்டைதான் காப்பாற்றும். இருக்கிற உரிமையை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அப்பாவின் டோக்கன்: அறுபது வயது மட்டும் போதாது

இப்போது அப்பாவின் கதைக்கு வருவோம். மூன்றில் கடினமானது இதுதான்.

சென்னையில் வசிக்கும் 60 வயது நிறைந்தவர்கள் மாநகர் போக்குவரத்துக் கழக பஸ்களில் மாதம் பத்து முறை இலவசமாகப் போகலாம். 2016 பிப்ரவரியில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம். கொரோனா காலத்தில் நின்றுபோய், பின்னர் மீண்டும் வந்தது. இது சென்னைக்கு மட்டும்தான். மதுரையிலோ கோவையிலோ இருக்கும் பெரியவர் கேட்டால் அங்கே இப்படி ஒரு டோக்கன் இல்லை. ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகையும் 2020 மார்ச்சோடு நின்றுவிட்டது. எனவே சென்னைப் பெரியவருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, இந்தப் பத்து டோக்கன்தான் மிச்சமிருப்பது.

டோக்கன் மாதாமாதம் வாங்குவது இல்லை. ஆறு மாதத்துக்குச் சேர்த்துத் தருகிறார்கள். மாதம் பத்து வீதம் அறுபது. ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு தவணை, ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு தவணை. முதல் தவணைக்கு டிசம்பர் 21 வாக்கிலும், இரண்டாம் தவணைக்கு ஜூன் 21 வாக்கிலும் விநியோகம் தொடங்கும். டெப்போக்கள், பஸ் நிலையங்கள் என்று நாற்பது மையங்களுக்கு மேல் கவுன்டர் போடுவார்கள். காலை 8 மணி முதல் இரவு 7.30 வரை திறந்திருக்கும். சுமார் நாற்பது நாள் இந்த ஏற்பாடு. அடுத்த மாதக் கடைசியில், அதாவது ஜனவரி 31 அல்லது ஜூலை 31-ல் இது முடியும். அதன் பிறகு வந்தால் அந்தந்த டெப்போ அலுவலகத்தில், அலுவலக நேரத்தில்தான் வாங்க முடியும். முடியாது என்று இல்லை. ஆனால் அலைச்சல் கூடும். ஒவ்வொரு முறையும் மையங்களின் பட்டியல் செய்தித்தாள்களில் வரும். வீட்டுக்கு எது பக்கம் என்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

புதிதாக வாங்குபவர் எடுத்துப்போக வேண்டியவை மூன்று. முதலாவது, இருப்பிடத்துக்கு ரேஷன் கார்டு. இரண்டாவது, வயதுக்கு ஆதார், ஓட்டுநர் உரிமம், கல்விச் சான்று, வாக்காளர் அட்டை ஆகியவற்றில் ஒன்று. மூன்றாவது, பாஸ்போர்ட் அளவு கலர் போட்டோ இரண்டு. நகலோடு அசலையும் கொண்டுபோங்கள். போட்டோ ஒட்டிய அடையாள அட்டை ஒன்றும் டோக்கன்களும் தருவார்கள். அடுத்த தவணைக்கு அந்த அட்டையைக் காட்டினால் புதுப்பித்துக்கொள்ளலாம். பஸ்ஸில் ஏறும்போதும் அது பையில் இருக்க வேண்டும்.

வயதுச் சான்றில் ஒரு சின்னச் சிக்கல் வரும். பழைய ஆதார் அட்டைகள் சிலவற்றில் பிறந்த தேதி இருக்காது, ஆண்டு மட்டும் இருக்கும். அறுபதின் விளிம்பில் இருப்பவர்கள் அதை மட்டும் நம்பாமல், தேதி உள்ள இன்னொரு சான்றையும் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

பெரிய சிக்கல் அப்பாவுக்கு நேர்ந்ததுதான். ஊரில் இருந்து பிள்ளையோடு வந்து தங்கிவிட்ட பெற்றோர் சென்னையில் ஏராளம். ஆதாரில் முகவரி மாற்றியிருப்பார்கள். ரேஷன் கார்டு மட்டும் ஊரில் இருக்கும், அங்கே அரிசி வாங்க உதவும் என்று. டோக்கன் கவுன்டரில் அந்த அரிசிதான் குறுக்கே நிற்கிறது.

நாங்கள் செய்தது இதுதான். முதலில் ஊர்க் கார்டில் இருந்து இருவர் பெயரையும் நீக்க வேண்டும். பிறகுதான் என் கார்டில் சேர்க்க முடியும். ஒரே ஆள் இரண்டு கார்டில் இருக்க முடியாது. tnpds.gov.in தளத்தில் உறுப்பினர் நீக்கம், உறுப்பினர் சேர்க்கை இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். தளத்துக்குள் நுழைய, அந்தக் கார்டில் பதிவு செய்த கைபேசிக்கு ஓடிபி வரும். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். அண்ணன் கார்டில் இருந்தது அவர் எப்போதோ தூக்கிப்போட்ட ஒரு சிம் நம்பர். அண்ணன் வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போய் நம்பரை மாற்றி, பிறகு நீக்கத்துக்கு விண்ணப்பித்து, அது ஏற்கப்பட்ட பின் இங்கே நான் சேர்க்கைக்கு விண்ணப்பித்தேன். சென்னையில் இதைப் பார்ப்பது மண்டல உதவி ஆணையர் அலுவலகம். டோக்கனுக்காக இந்த வேலையைத் தொடங்குகிறவர்கள் டிசம்பர் 21-க்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குவது நல்லது. முதல் வேலையாக, ஊர்க் கார்டில் இருக்கும் கைபேசி எண் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

பத்து என்றால் எத்தனை?

டோக்கன் கைக்கு வந்த அன்று அப்பா கணக்குப் போட்டார். "பத்துன்னா போக அஞ்சு, வர அஞ்சு. மாசம் அஞ்சு நாள் வெளிய போலாம்."

கணக்கு அப்படி இல்லை. ஒரு டோக்கன் ஒரு பஸ்ஸுக்குத்தான், ஒரு பயணத்துக்கு இல்லை. அப்பா சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்காக மாதம் ஒருமுறை சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்குப் போகிறார். வீட்டில் இருந்து பெரம்பூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து சென்ட்ரலுக்கு ஒரு பஸ். திரும்பும்போதும் இரண்டு. ஒரே ஒரு ஆஸ்பத்திரி நடைக்கு நான்கு டோக்கன் போய்விட்டது. ரத்தப் பரிசோதனைக்கு ஒருநாள், அதன் முடிவோடு டாக்டரைப் பார்க்க ஒருநாள் என்றால் எட்டு. மிச்சம் இரண்டு. அஞ்சு நாள் என்று நினைத்தது இரண்டரை நாளாகச் சுருங்கிவிட்டது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஏசி பஸ் தவிர மற்ற மாநகர பஸ்களில் டோக்கன் செல்லும். சாதாரண பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் போனாலும் ஒரு டோக்கன். சொகுசு பஸ்ஸில் ஊரின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்குப் போனாலும் ஒரு டோக்கன். எனவே குறைந்த தூரத்துக்குச் சாதாரண பஸ்ஸில் சில்லறையைக் கொடுத்துவிட்டு, நீண்ட தூரத்துக்கும் கட்டணம் கூடுதலான பஸ்ஸுக்கும் டோக்கனை வைத்துக்கொள்வதுதான் லாபம். அப்பா இப்போது பெரம்பூர் வரை காசு கொடுக்கிறார். பெரம்பூரில் இருந்து சென்ட்ரலுக்கு டோக்கன். ஆஸ்பத்திரி நடைக்கு இரண்டு டோக்கன்தான் செலவு. மாதம் ஐந்து நடை என்ற அவருடைய பழைய கணக்கு, கொஞ்சம் சில்லறை சேர்த்தால், சரியாக வருகிறது.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒன்று. அறுபது தாண்டிய பெண்களுக்கும் இந்த டோக்கன் உண்டு. "எனக்குத்தான் பஸ் சும்மாவே, எனக்கு எதுக்கு டோக்கன்?" என்று அம்மா வாங்கவே மறுத்தார். சாதாரண பஸ்ஸில்தான் சும்மா. விரைவு பஸ்ஸிலும் சொகுசு பஸ்ஸிலும் அவர் காசு கொடுக்க வேண்டும். டோக்கன் இருந்தால் அந்தப் பத்துப் பயணங்களும் இலவசம். வெள்ளை போர்டு வந்தால் டோக்கனை எடுக்க வேண்டாம். வெயிலில் நின்று காத்திருக்க முடியாத அன்று வருகிற சொகுசு பஸ்ஸில் டோக்கனைக் கொடுக்கலாம். அம்மாவுக்கு ஒரு டோக்கன்கூட வீணாகாது. சென்னையில் இந்த டோக்கனால் அதிகம் பயன்பெறக்கூடியவர்கள் பெண்கள்தான். அதிகம் வாங்காமல் விடுகிறவர்களும் அவர்கள்தானோ என்று அந்த வரிசையைப் பார்த்தபோது தோன்றியது. முப்பது பேரில் பெண்கள் நான்கைந்து பேர்.

அம்மாவின் மிச்ச டோக்கனை அப்பா பயன்படுத்தலாமா என்று கேட்டார்கள். கூடாது. அடையாள அட்டை யாருடையதோ, டோக்கன் அவருடையது. கண்டக்டரோ பரிசோதகரோ அட்டையைக் கேட்டால் அவமானம் நமக்குத்தான். கையில் வாங்கியதும் டோக்கனில் என்ன அச்சாகியிருக்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள். எந்த மாதத்துக்கு உரியதோ அந்த மாதத்துக்குள் அதைச் செலவழிக்கப் பாருங்கள்.

டோக்கனை வாங்க மறுத்தாலோ, சாதாரண பஸ்ஸில் பெண்ணிடம் காசு கேட்டாலோ அங்கேயே சண்டை போட்டு ஒன்றும் ஆகாது. பஸ்ஸின் பதிவு எண், தட எண், நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு 149-க்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள். இந்த மூன்றும் இல்லாத புகாரில் யாரையும் விசாரிக்க முடியாது.

பத்து போதுமா?

ஒரு வீட்டின் மூன்று பேரை வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது. என் அம்மா வெள்ளை போர்டு பஸ்ஸில் ஒரு நாளைக்குப் பத்து முறை ஏறி இறங்கலாம், யாரும் எண்ணுவதில்லை. என் மகள் தினமும் போய் வருகிறாள். அதே பஸ்ஸில் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் 67 வயது மனிதருக்கு மட்டும் மாதம் பத்து என்ற கணக்கு. 2016-ல் வைத்த அந்த எண், பெண்களுக்கு எண்ணிக்கையே இல்லாமல் பஸ் திறந்துவிடப்பட்ட பிறகும் பத்தாகவே நின்றது.

பென்ஷன் உள்ளவர், சொந்த வண்டி உள்ளவர் இந்த வரிசைக்கு வருவதில்லை. வெயிலில் ஒரு மணி நேரம் நின்று டோக்கன் வாங்குகிறவர் தேவை உள்ளவர்தான். அந்த வரிசையே வருமானச் சான்று. பெண்களுக்கு நடைமுறையில் இருக்கும் அதே விதியை, சாதாரண பஸ்ஸுக்கு மட்டுமாவது, அறுபது தாண்டிய ஆண்களுக்கும் நீட்டினால் டோக்கன் அச்சடிக்க வேண்டாம், கவுன்டர் போட வேண்டாம், ஊர்க் கார்டில் பெயர் நீக்க வேண்டாம். சொகுசு பஸ்ஸுக்கு மட்டும் பத்து டோக்கன் என்று வைத்துக்கொள்ளலாம். செலவு கூடும், ஆனால், சாதாரண பஸ்ஸில் பகல் பதினோரு மணிக்குக் காலியாகப் போகிற இருக்கையில் ஒரு பெரியவர் உட்காருவதற்குப் புதிதாக டீசல் ஊற்ற வேண்டியதில்லை.

அது அரசு முடிவு செய்ய வேண்டியது. அதுவரை நம் கையில் இருப்பதை விடாமல் வாங்குவோம். உங்கள் வீட்டுப் பெரியவர் பெயர் எந்த ரேஷன் கார்டில் இருக்கிறது என்று இன்று இரவே எடுத்துப் பாருங்கள். சென்னைக் கார்டில் இருந்தால், அதன் நகல், வயதுச் சான்று, இரண்டு போட்டோ ஆகியவற்றை ஒரு கவரில் போட்டு வையுங்கள். கவரின் மேல் இரண்டு தேதிகளை எழுதுங்கள்: டிசம்பர் 21, ஜூன் 21. வீட்டில் அறுபது தாண்டிய பெண் இருந்தால் அவருக்கும் ஒரு கவர்.